சுறாமீன் முகவரியில் மாட்டிக்கொண்ட 289 வெள்ளி

செந்தூல் கவி | திங்கள், இரவு 9.40

வணக்கம். என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், திட்டுவதைச் சுருக்கமாகத் திட்டுங்கள்.

தீபாவளிக்கு முன்னால் ஓர் இணையக் கடையில் ஏர் ஃபிரையர் வாங்கினேன். கணக்கு திறந்தால் முதல் ஆர்டருக்கு 15 விழுக்காடு தள்ளுபடி. என் ஜிமெயிலில் ஏற்கெனவே ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது விளம்பரம் வருகிறது, இன்னொரு கடைக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை. அதனால் பதிவே செய்யாமல் பயன்படுத்தும் தற்காலிக மின்னஞ்சல் பக்கம் ஒன்றைத் திறந்து, பெயரை நானே தட்டச்சு செய்து, அந்த முகவரியைக் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் குறியீடு வந்தது. 289 வெள்ளி கட்டினேன். எல்லாம் சுகம்.

பெட்டியைப் பிரித்தால் கூடையின் கைப்பிடி உடைந்திருக்கிறது. கூரியர்காரர் வந்து பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது பணம் திரும்ப வர வேண்டுமானால் கணக்கில் நுழைந்து என் வங்கி எண்ணை நானே பதிய வேண்டுமாம், 14 நாளுக்குள். இதற்கிடையில் நான் கைப்பேசியை மாற்றிவிட்டேன். நுழையப் போனால் மின்னஞ்சலுக்கு அனுப்பிய 6 இலக்க எண்ணைக் கேட்கிறது. அந்த இன்பாக்ஸ் எப்போதோ போய்விட்டது.

ஜிமெயிலிலிருந்து வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். "கணக்கில் பதிவான மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள்" என்று ஒரு வரியில் பதில். ஒன்பது நாள் மிச்சம். இன்வாய்ஸில் இருக்கும் முகவரி இது:

[திருத்தம்: முகவரியை நீக்கிவிட்டேன். முடிவில் `sharklasers.com` என்று இருக்கும். சுறாமீன் பெயரில் ஒரு முகவரி வைத்து வீட்டுச் சாமான் வாங்கியது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.]

---

பத்துமலைப் படி | திங்கள், இரவு 9.58

போன இன்பாக்ஸ் போனதுதான் கவி, அதை மறந்துவிடுங்கள். பத்து நிமிட மின்னஞ்சல் என்றால் பத்தே நிமிடம்தான்.

இனிமேலாவது இந்த வேண்டாத வேலை செய்யாமல் ஜிமெயிலிலேயே கூட்டல் குறி போடுங்கள். உங்கள் பெயருக்குப் பின்னால் `+kadai` என்று சேர்த்தால் அது உங்கள் பெட்டிக்குத்தான் வரும். கடைக்குக் கடை வேறு சொல். யார் விற்றார் என்று தெரிந்துவிடும், குப்பை வந்தால் அந்தச் சொல்லுக்கு ஒரு வடிகட்டி போட்டுவிடலாம். ஐந்து வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறேன். தனியாக ஒரு செயலி எதற்கு?

---

ஜாலான் ஈப்போ ஐயா | திங்கள், இரவு 10.15

அம்மா, எனக்கும் இதே தொல்லைதான். நேற்று மட்டும் நான்கு அழைப்பு. "உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது" என்கிறான் ஒருவன், நீதிமன்றத்திலிருந்து பேசுகிறேன் என்கிறான் இன்னொருவன். பேரங்காடியில் உறுப்பினர் அட்டை வாங்கிய நாளிலிருந்துதான் இது ஆரம்பித்தது. இதற்கு ஏதாவது மாற்று எண் கிடைக்குமா?

---

சர்வர்காரன் | திங்கள், இரவு 10.22

கவி, முதல் வேலையாக அந்த முகவரியை உங்கள் பதிவிலிருந்து எடுங்கள். இப்போதே. காரணம் கீழே சொல்கிறேன்.

(நான் பாயான் லெப்பாஸில் ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். இந்தக் கதையை வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறேன்.)

படி சொன்னதில் முதல் பாதி உங்கள் விஷயத்தில் பொருந்தாது. `sharklasers.com` என்பது கெரில்லா மெயிலின் முகவரிகளில் ஒன்று. அங்கே ஒரு மணி நேரத்தில் அழிவது வந்த கடிதங்கள் மட்டும்தான், முகவரி அழிவதில்லை. அதற்குக் கடவுச்சொல்லும் கிடையாது. பெயரை யார் தட்டச்சு செய்தாலும் அந்தப் பெட்டி திறக்கும். அதாவது நீங்கள் மறுபடி போய் அதே பெயரைப் போட்டால், அன்று திறந்த அதே பெட்டிதான் வரும். பழைய கடிதங்கள் இருக்காது. புதிதாக ஓர் எண்ணை அனுப்பச் சொன்னால் அது வந்து சேரும்.

உங்களைக் காப்பாற்றப் போவதும் இதுதான், உங்கள் முகவரியைப் பார்த்த எவரும் உங்கள் கணக்கில் நுழைய முடிவதும் இதனால்தான். ஆகவேதான் எடுக்கச் சொன்னேன்.

இன்வாய்ஸில் இருப்பது நீங்கள் தட்டச்சு செய்த பெயரேதானா, இல்லை சம்பந்தமில்லாத எழுத்துக் குவியலா? அந்தப் பக்கத்தில் `Scramble Address` என்று ஒரு கட்டம் இருக்கும். அது இயங்கியிருந்தால் கடைக்குப் போயிருப்பது குழப்பிய முகவரி. அதை மட்டும் வைத்துப் பெட்டியைத் திறக்க முடியாது, அன்று போட்ட அசல் பெயர் நினைவில் இருக்க வேண்டும்.

அதே பெயர்தான் என்றால் வழி சுலபம். ஆனால் வரிசையை மாற்றாதீர்கள்:

முதலில், கடையைத் தொடுவதற்கு முன்பே, நிலையான ஒரு மாற்றுமுகவரியைத் தயார் செய்துகொள்ளுங்கள். பிறகு கெரில்லா பக்கத்தில் பழைய பெயரைப் போட்டுப் பெட்டியைத் திறந்து வையுங்கள். இன்னொரு தாவலில் கடைக்குள் நுழைய முயலுங்கள், எண் வரும். உள்ளே போனதும் செய்யும் முதல் காரியம் மின்னஞ்சலை மாற்றுவது. வங்கி எண்ணை அதற்குப் பிறகுதான் பதிய வேண்டும். முதலில் வங்கி எண்ணைப் போட்டால், "உங்கள் பணம் இந்தக் கணக்குக்கு வரும்" என்ற உறுதிக் கடிதம் கதவில்லாத அந்தப் பெட்டிக்கே போகும்.

---

செந்தூல் கவி | திங்கள், இரவு 10.31

எடுத்துவிட்டேன் அண்ணே. நான் தட்டச்சு செய்த பெயரேதான், குழப்பமெல்லாம் இல்லை. நிலையான மாற்றுமுகவரி என்றால் எது? இன்னொரு ஜிமெயில் திறக்கவா?

---

சர்வர்காரன் | திங்கள், இரவு 10.50

இன்னொரு ஜிமெயில் என்றால் இன்னொரு பெட்டியைத் தினமும் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றாம் மாதம் மறந்துவிடுவீர்கள். நான் சொல்வது வழிமாற்றி அனுப்பும் முகவரி. கடை அந்த முகவரிக்கு எழுதும், அது உங்கள் ஜிமெயிலுக்கு வந்துவிடும், உங்கள் ஜிமெயில் முகவரி கடைக்குத் தெரியாது. தொல்லை வந்தால் அந்த ஒரு முகவரியை மட்டும் மூடிவிடலாம், தேவைப்பட்டால் மறுபடி திறக்கலாம். உங்களுக்குத் தேவை இந்தத் திறந்து மூடும் வசதிதான். தற்காலிகப் பெட்டியில் அது கிடையாது.

இலவசமாகத் தொடங்க மூன்று இடம் சொல்வேன். பயர்பாக்ஸ் ரிலேயில் ஐந்து முகவரி, முடிவில் `mozmail.com` என்று வரும். சிம்பிள்லாகினில் பத்து. அது 2022இல் புரோட்டான் நிறுவனத்தின் கைக்குப் போனது. டக்டக்கோவில் எண்ணிக்கைக் கணக்கே இல்லை, எல்லாம் `duck.com` என்று முடியும். ஐஃபோன்காரர்கள் ஐகிளவுட்டுக்கு ஏற்கெனவே பணம் கட்டுகிறவர்களாக இருந்தால் `Hide My Email` அதிலேயே இருக்கிறது.

உங்களுக்குச் சிம்பிள்லாகின் சரியாக வரும். முகவரியின் முன்பகுதியை நீங்களே எழுதலாம், அதற்குப் பின்னால் அது ஏதோ ஒரு சொல்லையோ சில எழுத்துகளையோ சேர்த்துக்கொள்ளும். எந்தக் கடைக்குக் கொடுத்தோம் என்று ஆறு மாதம் கழித்தும் பார்த்தவுடன் புரியும்.

ஐயா, உங்கள் கேள்வி கைப்பேசி எண்ணைப் பற்றியது. மின்னஞ்சலில் செய்யும் இந்த வித்தை எண்ணில் நடக்காது. பிறகு வருகிறேன்.

---

மல்லிகைச்சரம் | செவ்வாய், காலை 8.05

எனக்கு டக்டக்கோதான் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு 11.11க்கும் ஒரே கடையில் நான்கு புது வாத்து, நான்கு முதல் ஆர்டர் தள்ளுபடி. கல்லூரி மாணவி பட்ஜெட் லா. மூன்றாம் வாத்து வரைக்கும் ஓடியது. நான்காவதில் ஆர்டரையே ரத்து செய்துவிட்டார்கள். முகவரிதான் புதுசு ஆச்சே, எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

---

பட்டர்வொர்த் பலகாரம் | செவ்வாய், காலை 9.30

தங்கச்சி, நான்கு பொட்டலமும் ஒரே வீட்டுக்குப் போனால் மின்னஞ்சல் எதற்கு? வீட்டு முகவரி, கைப்பேசி எண், கட்டிய அட்டையின் கடைசி நான்கு இலக்கம், இவற்றைத்தான் பார்ப்போம்.

நான் முறுக்கு, அதிரசம், ஓமப்பொடி இணையத்தில் விற்கிறேன். நானும் என் மனைவியும்தான் கடை. முதல் ஆர்டருக்கு 5 வெள்ளி குறைக்கிறேன் என்றால், அடுத்த தடவை நீங்கள் முழு விலைக்கு வாங்குவீர்கள் என்ற நம்பிக்கையில்தான். போன வருடம் தள்ளுபடி வாங்கியவர்களுக்குத் தீபாவளி விலைப்பட்டியல் அனுப்பினேன், கொத்துக் கொத்தாகத் திரும்பி வந்தது. இப்படி நிறையத் திரும்பினால் நான் காசு கட்டும் மடல் சேவை என்னையே குப்பை அனுப்புகிறவன் என்று நிறுத்தி வைக்கும். ஒரு வாரம் நிறுத்தியும் வைத்தது. ஆர்டர் உறுதிக் கடிதம்கூட போகவில்லை.

அதனால் இப்போது தற்காலிக முகவரி என்றால் என் படிவம் ஏற்றுக்கொள்ளாது. பட்டியல் கிட்ஹப்பில் இலவசமாகக் கிடைக்கிறது, `disposable-email-domains` என்று தேடுங்கள். சுறாமீனும் அதில் இருக்கிறது.

---

சர்வர்காரன் | செவ்வாய், மதியம் 1.10

பலகாரம் அண்ணே சொல்வது நியாயம். ஆனால் ஒரு வேண்டுகோள். அந்த மாதிரிப் பட்டியல்கள் சிலவற்றில் வழிமாற்றும் முகவரிகளையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. தற்காலிகப் பெட்டிக்கு அனுப்பும் விலைப்பட்டியலை யாரும் படிக்கப் போவதில்லை. `mozmail.com`, `duck.com` முகவரிக்கு அனுப்பினால் பின்னால் ஒரு நிஜ ஆள் இருக்கிறார், பிடித்தால் படிப்பார். அவரையும் வாசலில் நிறுத்தினால் நல்ல வாடிக்கையாளரை இழப்பீர்கள்.

---

பட்டர்வொர்த் பலகாரம் | செவ்வாய், மதியம் 1.45

படிப்பார், பிடிக்காவிட்டால் ஒரு பொத்தானில் என்னை மூடுவார், எனக்குத் தெரியவே தெரியாது. "வேண்டாம்" என்று அழுத்திவிட்டுப் போனால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவேனே. மூடிய கதவுக்கு நான் காசு கட்டிக் கடிதம் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டுமா? இதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை தம்பி.

---

பத்துமலைப் படி | செவ்வாய், மதியம் 2.20

அந்த "வேண்டாம்" பொத்தானைப் பற்றிச் சொல்லாதீர்கள் அண்ணே. நான் ஒரு காலணிக் கடையில் மூன்று மாதமாக அழுத்துகிறேன். ஒவ்வொரு தடவையும் "இந்த முகவரி எங்கள் பட்டியலில் இல்லை" என்கிறது. மறுநாள் காலை மறுபடி செருப்பு விளம்பரம்.

---

சர்வர்காரன் | செவ்வாய், மதியம் 2.41

கூட்டல் குறி போட்ட முகவரிதானே? அந்தப் பிழைப் பக்கத்தில் உங்கள் முகவரியை உற்றுப் பாருங்கள். கூட்டல் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம் இருக்கும்.

இணைப்பு முகவரிகளில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் கூட்டலை வெற்றிடம் என்று படிப்பது பழைய வழக்கம். கடையின் நிரலாளர் அதைக் கவனிக்காமல் இணைப்பைக் கட்டியிருக்கிறார். பெயருக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விட்ட முகவரி எந்தப் பட்டியலிலும் இருக்காது, அதனால்தான் "இல்லை" என்கிறது. முகவரிப் பட்டையில் கூட்டலை எடுத்துவிட்டு `%2B` என்று கையால் எழுதி என்டர் தட்டுங்கள்.

```
?email=ungalpeyar+kadai@gmail.com
?email=ungalpeyar%2Bkadai@gmail.com
```

முதல் வரி உங்களிடம் இருப்பது. இரண்டாவது வேலை செய்யும்.

---

பத்துமலைப் படி | செவ்வாய், மதியம் 2.55

அட, வேலை செய்தது! மூன்று மாதத் தொல்லைக்கு மூன்றே எழுத்து.

---

சர்வர்காரன் | செவ்வாய், மாலை 6.30

கூட்டல் குறியின் பெரிய குறை அதுவல்ல. அதற்குள்ளேயே உங்கள் அசல் முகவரி அப்படியே கிடக்கிறது. முகவரிப் பட்டியலை வாங்குகிறவன் கூட்டலிலிருந்து @ வரைக்கும் வெட்டியெடுக்க ஒரு வரி நிரல் போதும். வெட்டிய பிறகு எந்தக் கடையிலிருந்து போனது என்ற தடயமும் போச்சு, உங்கள் வடிகட்டியும் வீண். உங்களுக்கு வரும் குப்பையில் எத்தனை கூட்டல் இல்லாத முகவரிக்கு வருகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

தெரிந்த கடைகளின் கடிதங்களைப் பிரித்து வைக்கக் கூட்டல் நல்ல கருவி. முகவரியை மறைக்க அது உதவாது.

---

செந்தூல் கவி | செவ்வாய், இரவு 11.20

உள்ளே போய்விட்டேன்!!

ஒரே மூச்சில் நடக்கவில்லை. சிம்பிள்லாகினில் முகவரி உருவாக்கினேன், பிறகு கெரில்லா பக்கத்தில் பழைய பெயரைப் போட்டேன். பெட்டி திறந்தது. கடையில் "எண் அனுப்பு" அழுத்திவிட்டுக் காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. மூன்று தடவை. நான்காவது தடவை கடை என்னை அரை மணி நேரம் பூட்டிவிட்டது.

அப்புறம் இன்வாய்ஸைப் பெரிதாக்கிப் பார்த்தால், நான் பெயருக்கு நடுவில் புள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் அடிக்கோடு. இத்தனை நேரமும் வேறு யாருடைய பெட்டியையோ திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறேன். நல்லவேளை அது காலி.

சரியான பெயரைப் போட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. எண் வருவதற்கு முன்பே அங்கே ஒரு கடிதம் காத்திருந்தது. கடை அரை மணி நேரத்துக்கு முன்னால் அனுப்பியது, "பணம் திரும்பப் பெற மறந்துவிட்டீர்களா" என்று. அதிலிருந்த இணைப்பை அழுத்தினால் கடவுச்சொல்லும் கேட்கவில்லை, எண்ணும் கேட்கவில்லை. என் முழுப்பெயர், வீட்டு எண், மாடி, கைப்பேசி எண் எல்லாம் திரையில் வந்து நிற்கிறது. வங்கி எண் பதிகிற இடத்துக்கு மட்டும்தான் எண் கேட்கிறது. அந்தப் பெயரை யாராவது எதேச்சையாகப் போட்டிருந்தால்?

எண் வந்தது, மின்னஞ்சலை மாற்றினேன், வெளியே வந்து புது முகவரியில் ஒரு தடவை நுழைந்து பார்த்தேன், அதற்குப் பிறகுதான் வங்கி எண்ணைப் பதிந்தேன். பழைய முகவரிக்கும் "உங்கள் மின்னஞ்சல் மாறிவிட்டது" என்று ஒரு கடிதம் போயிற்று. அதில் புது முகவரி முழுதாகத் தெரிகிறது. பரவாயில்லையா?

---

சர்வர்காரன் | புதன், காலை 7.50

பரவாயில்லை, ஒரு மணி நேரத்தில் அழிந்துவிடும். தெரிந்தாலும் அது மாற்றுமுகவரிதான், தொல்லை வந்தால் மூடிவிட்டு இன்னொன்று திறங்கள்.

இனி கடைக்கு எழுத வேண்டி வந்தால் ஒரு விஷயம். ஜிமெயிலைத் திறந்து கடையின் முகவரியைப் போட்டு நேராக எழுதினால் உங்கள் அசல் முகவரிதான் போகும். மறைத்ததும் வீண், கடையும் "பதிவான முகவரியிலிருந்து எழுதுங்கள்" என்று பழைய பல்லவியைப் பாடும். கடை உங்களுக்கு அனுப்பிய கடிதத்துக்கு ஜிமெயிலிலேயே பதில் போட்டால் அது சிம்பிள்லாகின் வழியாகத் திரும்பிப் போகும், கடைக்கு உங்கள் மாற்றுமுகவரிதான் தெரியும். முதல் கடிதம் நீங்கள்தான் எழுத வேண்டும் என்றால், சிம்பிள்லாகினில் அந்த முகவரிக்குக் கீழே `Contacts` போய்க் கடையின் முகவரியைச் சேருங்கள். உங்கள் கணக்கு அதை அனுமதித்தால் நீளமாக ஒரு முகவரி தரும். கடிதத்தை அதற்கு அனுப்பினால் அது கடைக்குப் போய்ச் சேரும். பதிவு செய்த அதே ஜிமெயிலிலிருந்து அனுப்ப வேண்டும், வேறு பெட்டியிலிருந்து அனுப்பினால் ஏற்காது.

கடிதத்தின் அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் கையொப்பத்தில் உங்கள் ஜிமெயில் முகவரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அத்தனையும் மறைத்துவிட்டுக் கடைசி வரியில் காட்டிக்கொடுத்தவர்கள் என் அலுவலகத்திலேயே இரண்டு பேர்.

இன்னொன்று, இதைப் பலர் தவறாகச் செய்கிறார்கள். மாற்றுமுகவரி வழியாகக் குப்பை வந்தால் ஜிமெயிலில் `Report spam` அழுத்தாதீர்கள். ஜிமெயிலின் கண்ணுக்கு அதைக் கொண்டுவந்து போட்டவர் சிம்பிள்லாகின்காரர், பழி அவர் சர்வர்மேல் விழும். பழி சேரச் சேர நாளைக்கு உங்கள் 6 இலக்க எண்ணும் ஸ்பாம் பெட்டியில் போய் உட்காரும். குப்பை வந்தால் சிம்பிள்லாகினுக்குள் போய் அந்த முகவரியை மூடுங்கள். எண் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை என்றால் ஸ்பாம் பெட்டியை முதலில் பாருங்கள், உடனே மறுபடி மறுபடி அழுத்திப் பூட்டிக்கொள்ளாதீர்கள்.

வங்கி, வருமான வரி, இபிஎஃப் மூன்றுக்கும் அசல் முகவரியே போகட்டும். நடுவில் இன்னொரு நிறுவனம் நிற்கும் எந்த ஏற்பாடும் ஒரு நாள் நிற்கலாம்.

---

மல்லிகைச்சரம் | புதன், காலை 10.12

பலகாரம் அண்ணே, நான் உங்கள் கடையில் இதைச் செய்ததில்லை, சத்தியமாக. ஆனால் பெரிய கடைகள் எங்கள் விவரத்தை வைத்துச் சம்பாதிக்கும்போது நான்கு வாத்து ஒரு பாவமா?

---

பட்டர்வொர்த் பலகாரம் | புதன், காலை 10.40

பெரிய கடை, சின்னக் கடை என்று உங்கள் வாத்துக்குத் தெரியுமா தங்கச்சி?

---

செந்தூல் கவி | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.15

பழைய இழையை எழுப்புகிறேன், மன்னிக்கவும். முதலில் நல்ல செய்தி: 289 வெள்ளியும் பதினொரு நாளில் வங்கிக்கு வந்துவிட்டது.

இப்போது வேறு கதை. பொங்கலுக்காக ஒரு சேலைக் கடையில் பதிந்தேன், அதற்கென்றே ஒரு மாற்றுமுகவரி. வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. நேற்று அதில் "நீங்கள் 8,000 வெள்ளி வென்றிருக்கிறீர்கள்" என்று கடிதம். `Show original` போய்ப் பார்த்தேன், தேவையான இரண்டு வரி இதுதான் (முகவரிகளை மாற்றியிருக்கிறேன், பாடம் கற்றுக்கொண்டேன்):

```
From: "Lucky Draw" <win@example.net>
To: selai.kadai.x7k2@example.com
```

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் அல்லவா? முகநூலில் கடையின் பெயரைப் போட்டு எழுதப் போகிறேன்.

---

பத்துமலைப் படி | ஞாயிறு, மாலை 5.31

போடுங்கள் கவி! விற்றுத்தான் இருக்கிறார்கள், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்.

---

சர்வர்காரன் | ஞாயிறு, இரவு 8.20

கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கடைக்குக் கொடுத்த முகவரி வெளியே போயிருக்கிறது, அது நிச்சயம். பின்னால் `x7k2` போன்ற குருட்டு எழுத்து இருப்பதால் யாரும் ஊகித்து அனுப்பியிருக்க முடியாது. வெறுமனே கடைப் பெயர் மட்டும் இருந்திருந்தால் அதைக்கூடச் சொல்ல முடியாது. சொந்த டொமைன் வாங்கி எல்லாப் பெயரையும் ஏற்கும்படி வைத்திருக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை உண்டு, ஊகித்து அடிப்பார்கள்.

ஆனால் யார் கையிலிருந்து போனது என்பதை இந்த இரண்டு வரி சொல்லாது. கடைக்காரர் விற்றிருக்கலாம். கடையின் தளத்தைத் தயாரித்துக் கொடுத்தவரிடமிருந்து, மடல் அனுப்பும் சேவையிடமிருந்து, கூரியர் நிறுவனத்திடமிருந்து போயிருக்கலாம். கடைக்காரரின் கணினியில் யாரோ புகுந்திருக்கலாம், அவருக்கே தெரியாமல். உங்கள் கையிலிருக்கும் முகவரி கடைவாசல் வரைக்கும்தான் காட்டுகிறது, உள்ளே யார் என்று காட்டவில்லை. பெயரைப் போட்டு எழுதினால் நீங்கள் சாட்சி சொல்ல வேண்டியது "விற்றார்" என்பதற்கு.

நானாக இருந்தால் முகவரியை மூடிவிட்டு, கடைக்கு எழுத்துமூலம் ஒரு கடிதம் போடுவேன். நம் மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 43ஆம் பிரிவு இருக்கிறது. என் விவரத்தை நேரடி விளம்பரத்துக்குப் பயன்படுத்தாதே என்று எழுத்தில் கேட்கும் உரிமை அதில் உண்டு. அதே கடிதத்தில், இந்த முகவரியை வேறு யாரிடம் கொடுத்தீர்கள் என்றும் கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே கொஞ்சம் புரிந்துவிடும்.

---

பட்டர்வொர்த் பலகாரம் | ஞாயிறு, இரவு 8.48

என்னிடம் இப்படி ஒருவர் கேட்டால் எனக்கே பதில் தெரியாது என்பதுதான் உண்மை. தளத்தை ஒரு பையன் கட்டிக் கொடுத்தான், அவனிடம் என்னென்ன சாவி இன்னும் இருக்கிறது என்று நாளைக்குக் கேட்கப் போகிறேன்.

---

செந்தூல் கவி | ஞாயிறு, இரவு 9.05

சரி அண்ணே, முகநூலில் போடவில்லை. கடிதம் எழுதுகிறேன். ஆனால் கோபம் அடங்கவில்லை, அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

---

ஜாலான் ஈப்போ ஐயா | திங்கள், காலை 6.55

சர்வர் தம்பி "பிறகு வருகிறேன்" என்று சொல்லி ஏழு வாரம் ஆகிறது. நான் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

---

சர்வர்காரன் | திங்கள், காலை 7.40

மன்னியுங்கள் ஐயா. நல்ல பதில் இல்லாததால்தான் வரவில்லை. மின்னஞ்சல் முகவரியைக் காசில்லாமல் ஆயிரம் உருவாக்கலாம். கைப்பேசி எண் ஒவ்வொன்றும் அடையாள அட்டையோடு பதிந்து வாங்குவது. இன்னொரு ப்ரீபெய்ட் சிம் வாங்கிப் பழைய கைப்பேசியில் போட்டு, படிவங்களுக்கெல்லாம் அந்த எண்ணைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். காசு ஏற்றாமல் விட்டால் எண் காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போகும், அப்போது கவியின் சுறாமீன் கதைதான். கட்டாயமில்லாத இடத்தில் எண்ணைக் கொடுக்காதீர்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு தெரியவில்லை. மின்னஞ்சல் கேட்கும் இடத்திலாவது மாற்றுமுகவரி கொடுக்கலாம்.

---

ஜாலான் ஈப்போ ஐயா | புதன், மாலை 4.10

என் பேத்தி டக்டக்கோவில் ஒரு முகவரி போட்டுக் கொடுத்தாள், என் பெயரிலேயே. நேற்று மருந்துக் கடையில் உறுப்பினர் அட்டைக்குக் கேட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். கடைசியில் "டக் டாட் காம்" என்றதும் அந்தப் பெண் கையை நிறுத்திவிட்டு, "பக்சிக், வாத்தா?" என்றது. வாத்துதான் என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். அட்டை கொடுத்துவிட்டார்கள்.

கைப்பேசி எண்ணையும் கேட்டார்கள். கட்டாயமா என்று கேட்டேன். ஆமாம் என்றது.

கொடுத்துவிட்டேன்.